மிஷினை எங்க வச்சு கழட்டுறாங்க? மன்னாருக்கு லப்டொப் வாங்கின கதை

அக்காட குடும்பம் மன்னார்ல இருக்கு, நான் வெள்ளவத்தையில. வீட்டில ஏதும் இலத்திரனியல் சாமான் வாங்கிறதெண்டா முதல் போன் எனக்குத்தான் வரும், ஏனெண்டா காலி வீதியால ஒரு பஸ் ஏறினா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வாசல்ல இறங்கலாம், கொழும்பில இருக்கிறவனுக்கு லப்டொப் வாங்கிறது அவ்வளவு லேசு. அதாலதான் நானும் கன வருஷமா கொழும்புக்காரன் மாதிரியே யோசிச்சு வாங்கிக் குடுத்தனான். புரொசசர் என்ன, ரெம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, விலை என்ன, இவ்வளவுதான் பாத்தது. அந்த மிஷின் பழுதாகேக்க அது மன்னார்ல இருக்கும், நான் கொழும்பில இருப்பன் எண்டதை 2023 கார்த்திகை மாசம் வரைக்கும் யோசிச்சதே இல்லை.

அந்த வருஷம் தை மாசம் மருமகளுக்கு ஒரு மெல்லிசான லப்டொப் வாங்கினன். நல்ல பேர் உள்ள பிராண்ட், உத்தியோகபூர்வ ஏஜென்ட்ட இருந்து எடுத்தது, ரெண்டு வருஷ வாரன்ட்டி. வாங்க முதல் அவையின்ர சேவிஸ் லிஸ்டையும் பாத்தன், அதில மன்னார் எண்ட பேரும் இருந்தது. அதைப் பாத்திட்டுத்தான் நிம்மதியா காசு கட்டினன்.

கார்த்திகையில சார்ஜ் ஏறுறது நிண்டிட்டுது. வயரை ஒரு பக்கம் அமத்திப் பிடிச்சா ஏறும், விட்டா நிக்கும். ரெண்டு நாளில அதுவும் இல்லை. பிள்ளைக்கு அசைன்மென்ட் குடுக்க வேண்டிய நேரம், "மாமா, என்ன செய்யிறது" எண்டு ராத்திரி போன் எடுத்தவள். வாரன்ட்டி இருக்குத்தானே, நாளைக்கு டவுனுக்குக் கொண்டு போய்க் குடுங்கோ எண்டு சொன்னன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அந்த மிஷின் திரும்பி அவளின்ர கைக்கு வர 44 நாள் எடுத்தது. நான் ஒவ்வொரு தரமும் போன் பண்ணி எந்தக் கட்டத்தில நிக்குது எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதி வச்சனான், அதுதான் பேந்து எனக்கு உதவினது.

வியாழக்கிழமை ஒப்படைச்சது. மன்னார்ல இருந்தது சேவிஸ் சென்டர் இல்லை, சாமானை வாங்கி கொழும்புக்கு அனுப்புற ஒரு கவுண்டர். கிழமைக்கு ஒருக்கா புதன்கிழமைதான் பார்சல் போகும், ஆக ஆறு நாள் அது அந்த அலுமாரிக்குள்ளயே கிடந்தது, ஏழாம் நாள் கொழும்பு வந்தது. வரிசையில கிடந்து திறந்து பாத்தது 11ஆம் நாள். யூஎஸ்பி-சி போர்ட் மதர்போர்டில இருந்து பெயர்ந்திட்டுது, போர்ட் தனியா மாத்த மாட்டினம், மதர்போர்ட் முழுக்க மாத்தோணும் எண்டு முடிவெடுத்து, கம்பனிட்ட அனுமதி எடுத்தது 14ஆம் நாள். அந்த மதர்போர்ட் இலங்கையில இல்லை, வெளியில இருந்து வந்தது 37ஆம் நாள். பூட்டி, பரிசோதிச்சு முடிச்சது 39. திரும்பிப் போற பார்சல் நாளுக்காகக் காத்திருந்து, மன்னார் போய், அக்கா போய் எடுத்தது 44.

இதை ஒருக்கா வடிவா கூட்டிப் பாருங்கோ. 44 நாளில போக்குவரத்தும் கவுண்டர்ல கிடந்ததும் 12 நாள். வரிசையும் அனுமதியும் 7 நாள். பார்ட் வரக் காத்திருந்தது 23 நாள். திருத்தினது ரெண்டே ரெண்டு நாள், அதிலயும் ஒரு மனுசன் கையில ஸ்க்ரூ டிரைவரோட அதுக்கு முன்னால இருந்த நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்காது. எந்தக் கம்பனிட டெக்னீசியன் கெட்டிக்காரன் எண்டு நாங்கள் சண்டை பிடிக்கிறது இந்த ரெண்டு நாளைப் பற்றித்தான், மிச்ச 42 நாளையும் தீர்மானிச்சது மிஷினை எங்க வச்சு கழட்டுறாங்க, பார்ட் எங்க கிடக்கு எண்ட ரெண்டு விஷயம். சேவிஸ் லிஸ்டில மன்னார் எண்டு ஒரு பேர் இருந்தது, அந்தப் பேருக்குப் பின்னால மேசையும் இல்லை, பார்ட்ஸும் இல்லை.

இதோட முடியேல்ல. மிஷின் வந்து ஒன் பண்ணினா நீலத் திரையில 48 இலக்க ரிக்கவரி கீ கேக்குது. இது பழுதில்லை. இப்ப வாற விண்டோஸ் 11 மிஷின் கனக்க, நீங்கள் கேக்காமலே டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கும், அந்தப் பூட்டின்ர திறப்பு மதர்போர்டில இருக்கிற டிபிஎம் சிப்போட கட்டினது. மதர்போர்ட் மாறினா சிப்பும் மாறும், அப்ப அது உங்களை ஆரெண்டே தெரியாத மாதிரித்தான் கேக்கும். கீ மைக்ரோசொஃப்ட் அக்கவுன்டில கிடக்கும், அந்த மிஷினை முதல்ல செட் பண்ணினது நான், என்ர ஈமெயில்ல. அதை நான் மறந்திட்டன். ரெண்டு ராத்திரி பிள்ளை அழுதுகொண்டு இருக்க, கடைசியா என்ர அக்கவுன்டுக்குள்ள aka.ms/myrecoverykey போய்ப் பாத்து எடுத்துக் குடுத்தன். இப்ப ஆருக்கு வாங்கிக் குடுத்தாலும் முதல் நாளே கமாண்ட் ப்ராம்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து இதை அடிச்சு,

```
manage-bde -protectors -get C:
```

வாற 48 இலக்கத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி அக்காட்ட குடுக்கச் சொல்லிறன். தூர ஊர்ல இருந்து மிஷினை அனுப்பிறவைக்கு இது முக்கியம், ஏனெண்டா திரும்பி வந்த மிஷின் திறக்கேல்லையெண்டா அதுக்காக இன்னொரு தரம் கொழும்புக்கு அனுப்பேலாது.

அடுத்த வருஷம் மருமகனுக்கு ஒண்டு வேணும் எண்டு அக்கா கேட்டா. இந்த முறை நான் லப்டொப் விக்கிற கடைக்கு முதல்ல போகேல்லை. யூனிட்டி பிளாசா மேல் மாடியில திருத்துற கடையளுக்குப் போனன். விக்கிற கடையில நிக்கிற பெடியன் எல்லா பிராண்டுக்கும் "பிரச்சினை இல்லை அண்ணை, சேவிஸ் இருக்கு" எண்டுதான் சொல்லுவான், அவனைக் குறை சொல்லேலாது, அவன்ர வேலை விக்கிறது. திருத்திற ஆளின்ர மேசையைப் பாத்தா வேறை கதை. கழட்டின மிஷின், பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ஸ்க்ரூ, சுவரில தொங்குற கீபோர்ட், ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின டிஸ்பிளே. எந்த மொடலின்ர சாமான் அங்க கூடக் கிடக்கோ அதின்ர பார்ட் கொழும்பில ஓடுது எண்டு அர்த்தம்.

ஒரு கடையில வயசான ஒரு அண்ணை இருந்தவர், அவரிட்ட நேராவே கேட்டன், மன்னார்ல பாவிக்கப்போற பிள்ளைக்கு வாங்கிறன், எது எடுக்கிறது எண்டு. அவர் பிராண்ட் ஒண்டும் சொல்லேல்லை. "தம்பி, புது மொடலுக்கு பார்ட் இருக்கோ எண்டு கேக்காதேங்கோ, புதுசுக்கு ஆரும் பார்ட் வச்சிருக்க மாட்டினம். அதே வரிசையில மூண்டு வருஷத்துக்கு முந்தி வந்த மொடலுக்கு கீபோர்ட் இருக்கோ, பற்றரி இருக்கோ, ஹின்ஜ் இருக்கோ எண்டு கேளுங்கோ. அதுக்கு இண்டைக்கு என்ன நிலமையோ அதுதான் உங்கட மிஷினுக்கு மூண்டு வருஷத்தால நிலமை."

இந்த ஒரு கேள்விதான் நான் இதில படிச்ச பெரிய விஷயம். வாரன்ட்டி இருக்கிற முதல் ரெண்டு வருஷத்தில பார்ட் தேடுறது கம்பனிட தலையிடி, அதுக்குப் பிறகுதான் எங்கட தலையிடி, சின்ன ஊர்ல லப்டொப்பை அஞ்சாறு வருஷம் வச்சிருக்கிறவைக்கு அந்தப் பிற்காலம்தான் கூட. அண்டைக்கே அஞ்சு கடையில ஏறி இறங்கி இதையே கேட்டன். வீட்டுப் பாவனைக்கு எண்டு விக்கிற மலிவு மொடல் கனக்கத்துக்கு, "எடுப்பிச்சுத் தரலாம், நாள் சொல்லேலாது" எண்ட பதில்தான் வந்தது. கம்பனியள் ஒபிசுக்கு மொத்தமா வாங்கிற வரிசையள் இருக்குத்தானே, திங்க்பேட், லாட்டிட்யூட், ப்ரோபுக் மாதிரி, அதுகளுக்கு அநேகமா உடன எடுத்துக் காட்டிச்சினம். காரணமும் அந்த அண்ணைதான் விளங்கப்படுத்தினவர். ஒபிசுகள் ஒரே மொடலை நூற்றுக்கணக்கில வாங்கி நாலு வருஷத்தால ஒண்டா வெளியில விடும், அதுகள் செகண்ட் ஹேண்டா வெளிநாட்டில இருந்தும் கொள்கலன்ல வருது, அதில எழும்பாத மிஷினை கழட்டி பார்ட்டா விப்பினம். பார்ட் கிடைக்கிறது கம்பனிட நல்ல மனசில மட்டும் இல்லை, அந்த மொடல் எத்தினை உடைஞ்சு கிடக்கு எண்டதிலயும் இருக்கு.

ஒரு விஷயம் இங்க சொல்லோணும். நான் கடைசியா எந்த மொடல் எடுத்தன் எண்டு இதில எழுதப்போறதில்லை, எழுதினா அதையே போய் வாங்குவீங்கள், ஆனா ஒரே பேருள்ள வரிசையிலயே ஒரு வருஷம் ரெம் கழட்டலாம், அடுத்த வருஷம் போர்டோட ஒட்டி வரும். பேரைப் பாத்து வாங்கேலாது, அந்தந்த வருஷ மொடலின்ர சேவிஸ் மனுவலைத் திறந்துதான் பாக்கோணும்.

சேவிஸ் மனுவல் எண்டா பயப்பிடாதேங்கோ. டெல், எச்பி, லெனோவோ மூண்டும் தங்கட மிஷின்களுக்கு கழட்டிப் பூட்டுற மனுவலை தங்கட தளத்திலயே சும்மா வச்சிருக்கினம், ஆரும் இறக்கலாம். படத்தோட, எந்த ஸ்க்ரூவை முதல் கழட்டுறது எண்டு வரிசையா இருக்கும். மன்னார்ல இருக்கிற திருத்துற பெடியனுக்கு இது கையில இருந்தா அவன் புது மொடலுக்கும் பயப்பிட மாட்டான். மனுவல் இல்லாத பிராண்டெண்டா அவன் யூடியூப்ல அதே மொடலை ஆரும் கழட்டினவையோ எண்டு தேடோணும், இல்லாட்டி ஊகத்தில கழட்டுவான், பிளாஸ்டிக் கொக்கி உடையும்.

நான் மனுவல்ல பாத்தது மூண்டு இடம்தான்.

முதலாவது சார்ஜ் ஏத்துற இடம், அதில சூடு பட்டவன் நான். சில மிஷினில வட்டப் பின் போற சொக்கெட் ஒரு சின்ன வயரோட தனியா வரும், மறு நுனியை போர்டில குத்தி விட்டாச் சரி, ஈயம் உருக்கத் தேவையில்லை, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச ஆரும் மாத்தலாம். சிலதில யூஎஸ்பி-சி மட்டும், அதுவும் மதர்போர்டிலயே ஒட்டினது, அது பெயர்ந்தா மருமகளுக்கு நடந்ததுதான் நடக்கும். மைக்ரோ சோல்டரிங் தெரிஞ்ச ஆள் இருந்தா அந்த யூஎஸ்பி-சி போர்ட்டை மட்டும் மாத்தலாம், அப்பிடியான ஆக்கள் கொழும்பில இருக்கினம், சின்ன ஊர்ல எல்லாரையும் நம்பிக் குடுக்கேலாது. நான் தேடினது சார்ஜ் ஏத்த ரெண்டு வழி உள்ள மிஷின். ஒண்டு வட்டப் பின், மற்றது யூஎஸ்பி-சி. ஒண்டு செத்தாலும் பார்ட் வரும் வரைக்கும் மற்றதில ஓடும். கொழும்பில இது சின்ன வசதி, மன்னார்ல இது 44 நாள்.

ரெண்டாவது கீபோர்ட். இது பாத்து வாங்க ஆரும் சொல்லித் தாறதில்லை. சில மொடலில கீபோர்ட்டை ரெண்டு ஸ்க்ரூ கழட்டி மேலால தூக்கலாம். இன்னும் சிலதில கீபோர்ட் மேல் மூடியோட சின்னச் சின்ன பிளாஸ்டிக் குமிழால உருக்கி ஒட்டி இருக்கும், பின்பக்கம் திருப்பிப் பாத்தா கறுப்புப் புள்ளி புள்ளியா அறுபது எழுபது தெரியும். அதை ஒவ்வொண்டா செதுக்கி எடுத்துப் புதுசைத் திரும்ப உருக்கி ஒட்டோணும், அந்த வேலை செய்த மிஷினில நடுவில இருக்கிற கீயை அமத்தேக்க கீபோர்ட் பள்ளமாப் போறதை நான் விரலாலயே உணர்ந்திருக்கிறன். மனுவலில பார்ட் லிஸ்டைப் பாருங்கோ, கீபோர்ட் தனியா ஒரு வரியில இருக்கோ, இல்லாட்டி "Top cover with keyboard" எண்டு சேர்த்துக் கிடக்கோ. சேர்த்துக் கிடந்தா ஒரு கீ செத்தாலும் மூடி முழுக்க வாங்கோணும், விலையும் கூட, பெரிய சாமான், கிடைக்கிறதும் கஷ்டம். மன்னார்ல கடல் காத்து, உப்பும் தூசியும் சேர்ந்து கீபோர்ட்டுக்கு அடியில ஏறும், அக்காட பழைய மிஷினைக் கழட்டேக்க கீபோர்ட் ரிபன் குத்துற இடத்தில செம்பு பச்சை பிடிச்சுக் கிடந்தது. அந்த ஊருக்கு கீபோர்ட் எண்டது எப்பவோ ஒருக்கா மாத்தத்தான் வேண்டி வரும் எண்டு எண்ணித்தான் வாங்கோணும்.

மூண்டாவது டிஸ்பிளே, இதில நல்ல செய்தி. டிஸ்பிளே பனல் லப்டொப் கம்பனி செய்யிறதில்லை, பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி மாதிரியான பனல் கம்பனியள்தான் செய்யிறது. ஒரே பனல் அஞ்சாறு பிராண்டுக்குள்ள இருக்கும். சாதாரண 15.6 அங்குல புல் எச்டி, டச் இல்லாதது, 30 பின் எண்டா கொழும்பில எங்கயும் கிடைக்கும். டச், ஃபோர்கே, வளைஞ்ச மூலை, இல்லாட்டி 40 பின் எண்டு போனா தேட வேண்டி வரும். அதாலதான் மருமகன் வடிவான ஓஎல்இடி திரை உள்ள ஒண்டைக் காட்டேக்க நான் வேண்டாம் எண்டனான். அவனுக்கு கொஞ்சம் மனவருத்தம்தான்.

பற்றரியைப் பற்றியும் சொல்லோணும், ஏனெண்டா எல்லாரும் கேக்கிற கேள்வி, பற்றரி மட்டும் ஏன் இவ்வளவு நாள் எடுக்குது எண்டு. 2016 சித்திரையில இருந்து, தனியா வாற லிதியம் அயன் பற்றரியை பயணிகள் விமானத்தில சரக்கா ஏத்துறது சர்வதேச விதியால தடை. அது சரக்கு விமானத்தில வரோணும், இல்லாட்டிக் கப்பலில. பற்றரிப் பெட்டியில "CARGO AIRCRAFT ONLY" எண்டு ஸ்டிக்கர் பாத்திருப்பீங்கள். அதால ஏஜென்டுகளும் கடையளும் பற்றரியை ஒண்டு ரெண்டா எடுப்பிக்கிறது குறைவு, மொத்தமா எடுத்து வைப்பினம், அப்ப ஓடாத மொடலின்ர பற்றரி அலுமாரியிலயே கிழடாகும். பாவிக்காட்டியும் லிதியம் பற்றரி வருஷா வருஷம் தேயும். புதுசு எண்டு குடுத்தாலும் பூட்டி ஒருக்கா முழுக்கச் சார்ஜ் ஏத்தி இறக்கிப் போட்டு

```
powercfg /batteryreport
```

அடிச்சா ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும். அதில `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` எண்டு ரெண்டு எண் இருக்கும். புதுப் பற்றரியெண்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா நிக்கோணும். ரெண்டாவது முதலாவதில முக்கால் பங்கெண்டா உங்கட கையில குடுத்தது பழசு, இல்லாட்டிப் போலி. கடைக்காரருக்கு அந்த ஃபைலை அப்பிடியே வட்ஸ்அப்பில அனுப்புங்கோ, கதைச்சு நிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் பாத்து ரெண்டு மொடலுக்கு வந்திட்டன். கடைசியா ரெண்டு ஏஜென்டுக்கும் போன் எடுத்தன். மன்னார்ல சேவிஸ் இருக்கோ எண்டு கேட்டா ஓம் எண்டுதான் வரும், அதால அப்பிடிக் கேக்கேல்லை. மன்னார்ல குடுத்தா மிஷினை அங்கயே கழட்டுவீங்களோ, இல்லையெண்டா எங்க வச்சுக் கழட்டுவீங்கள் எண்டு கேட்டன். பார்சல் கிழமையில எத்தினை நாள் போகும் எண்டு கேட்டன். இந்த மொடலுக்கு மதர்போர்ட் இப்ப கொழும்பு ஸ்டோர்ல இருக்கோ, இல்லாட்டி எந்த நாட்டில இருந்து வரும் எண்டும் கேட்டன். ஒரு இடத்தில போனை எடுத்த பிள்ளை ஸ்டோருக்கு போன் பண்ணிக் கேட்டு, "இல்லை சேர், மதர்போர்ட் வெளியில இருந்து வரும், மூண்டு நாலு கிழமை எடுக்கும், மற்ற பார்ட்ஸ் இருக்கு, வவுனியாவில எங்கட மேசை இருக்கு, அங்க கழட்டுவினம்" எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிச்சு. மற்ற இடத்தில "எல்லாம் இருக்கு, மேக்சிமம் மூண்டு நாள்" எண்டாங்கள், எங்க கழட்டுவீங்கள் எண்டதுக்கு மட்டும் பதிலே இல்லை. நான் முதலாவது இடத்தில வாங்கினன். மூண்டு நாலு கிழமை எண்டு சொன்னதாலதான் வாங்கினன், தன்ர ஸ்டோர்ல என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிச் சொல்லுவார்.

வவுனியா மன்னார்ல இருந்து எண்பது கிலோமீட்டர் அளவுதான். காலமை பஸ்ஸில போய்க் குடுத்திட்டு பின்னேரம் திரும்பலாம், இன்னொரு ஆளின்ர பார்சல் நாளைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. லிஸ்டில மன்னார் எண்ட பேரே இல்லாத பிராண்டை மன்னார் பிள்ளைக்கு வாங்கினன் எண்டு அத்தானுக்கு முதல்ல கொஞ்சம் கோவம், கொப்பியில எழுதி வச்ச 44 நாள் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பின பிறகு ஒண்டும் சொல்லேல்லை.

பில் எடுக்கேக்க இன்னொண்டையும் பாத்தன். கடையின்ர வாரன்ட்டியோ, ஏஜென்ட் வாரன்ட்டியோ எண்டு. ஏஜென்ட் இல்லாமல் வெளியில இருந்து கொண்டு வந்து விக்கிற மிஷின் விலை குறைவு, ஆனா அந்த வாரன்ட்டி அந்தக் கடை வாசலோட முடிஞ்சிடும், வவுனியா மேசையில அதை எடுக்க மாட்டினம். சீரியல் நம்பரை கம்பனி தளத்தில போட்டா வாரன்ட்டி எந்தத் திகதி வரைக்கும் எண்டு காட்டும், காசு கட்ட முதல் கடையிலயே நிண்டு போன்ல போட்டுப் பாருங்கோ. பெட்டியில இருக்கிற நம்பரும் மிஷினுக்குள்ள இருக்கிறதும் ஒண்டோ எண்டு பவர்ஷெல்லில இப்பிடிப் பாக்கலாம்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

போன வருஷம் இது பரீட்சைக்கு வந்தது. மருமகன் கீபோர்ட்டுக்கு மேல இயர்போனை விட்டிட்டு மூடியை அமத்தி மூடிட்டான். திரையின்ர இடது பக்கம் கீழ ஒரு கறுப்புப் பூ, அதில இருந்து மேல கோடு கோடா. விழுந்தது, நசுங்கினது, தண்ணி பட்டது வாரன்ட்டியில வராது, அநேகமா எந்தப் பிராண்டிலயும் சாதாரண வாரன்ட்டியில வராது, அதுக்கு வேறயாக் காசு கட்டி எடுத்த பாதுகாப்பு இருந்தாத்தான்.

திங்கள் பின்னேரம் அவன் மன்னார் டவுனில திருத்துற பெடியனிட்ட கொண்டு போனவன். பெடியன் போன்லயே மனுவலைத் திறந்து வச்சு, முதல்ல அடி மூடியைக் கழட்டி பற்றரி வயரை எடுத்தவன். இதை விட்டா பவர் இருக்கேக்க டிஸ்பிளே வயரைக் கழட்டிப் பூட்டி போர்டில பேக்லைட் ஃபியூஸை எரிச்சுப் போடுவினம், புதுப் பனல் போட்டாலும் இருட்டாத்தான் இருக்கும். பிறகு திரையைச் சுத்தி இருக்கிற ஃபிரேமைப் பிரிச்சு, பனலுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒட்டி இருக்கிற வெள்ளை டேப்பின்ர நுனியைப் பிடிச்சு மெல்ல மெல்ல இழுத்தவன். அது ரப்பர் மாதிரி நீண்டு நீண்டு வரும், அவசரப்பட்டா அறுந்திடும், பேந்து பனலைக் கிண்டித்தான் எடுக்கோணும். மருமகன் இதையெல்லாம் வீடியோ கோலில எனக்குக் காட்டினான். பனலைத் திருப்பினதும் பின்னால ஸ்டிக்கர், அதில பனல் நம்பர், பக்கத்திலயே கம்பனிட பார்ட் நம்பர். ஸ்டிக்கரையும், வயர் குத்துற இடத்தையும் கிட்டப் பிடிச்சுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னன்.

செவ்வாய் காலமை வேலைக்குப் போக முதல் யூனிட்டி பிளாசா, அதே அண்ணையின்ர கடை. அளவு, ரெசல்யூஷன், 30 பின், பக்கத்தில ஸ்க்ரூ போடுற காது இருக்கோ இல்லையோ, கனெக்டர் இருக்கிற பக்கம், இந்த அஞ்சையும் போட்டோவோட ஒத்துப் பாத்தவர். அதே நம்பர் இல்லை, வேறை கம்பனிட பனல், அஞ்சும் ஒத்து வந்தது. கடையிலயே ஒரு பழைய மிஷினில குத்தி வெள்ளை, கறுப்பு, சிவப்பு எண்டு நிறம் மாத்திக் காட்டினவர், புள்ளி ஒண்டும் இல்லை. 23,000 ரூபா. ரெண்டு பக்கமும் ரெஜிபோம் வச்சுக் கட்டி, ராத்திரி மன்னார் பஸ்ஸில நடத்துநரிட்ட குடுத்து, பஸ் நம்பரையும் அவரின்ர போன் நம்பரையும் அத்தானுக்கு அனுப்பினன். புதன் விடியக் காலமை அவர் ஸ்டாண்டில நிண்டு எடுத்தவர். பத்து மணிக்கு கடை திறந்தது, பதினொண்டுக்கு முதல் திரையில வெளிச்சம் வந்திட்டுது.

திங்கள் பின்னேரத்தில இருந்து புதன் காலமை வரைக்கும், ரெண்டு நாளும் முழுசா இல்லை. இது நல்லாப் போனதுக்கு காரணம் பழுதானது டிஸ்பிளே. மதர்போர்ட் போயிருந்தா இந்த மிஷினும் வவுனியாவில மூண்டு நாலு கிழமை கிடந்திருக்கும், அந்தப் பிள்ளை போன்ல சொன்ன மாதிரியே. அதுக்கு எந்தப் பிராண்டிலயும் வழி காணேல்லை நான். அந்த ஒண்டுக்காக அக்கா வீட்டில பழைய மிஷினை எறியாமல் வச்சிருக்கினம், மாசம் ஒருக்கா சார்ஜ் ஏத்தி அப்டேட் போட்டு வைக்கிறது மருமகளின்ர பொறுப்பு, அவளின்ர ஃபைல் எல்லாம் இப்ப வெளியில ஒரு டிஸ்க்கிலயும் இருக்கு.

உடைஞ்ச பனலை மன்னார் பெடியன் எறியேல்லை. பின்னால இருந்த ஸ்டிக்கரை வெட்டி எடுத்து, மொடல் பேரை எழுதி, அவன்ர கடைக் கொப்பியில ஒட்டி வச்சிருக்கிறான்.